ஒரே ஏழு சதவீதம், இரண்டு வேறு தொகைகள்: நிரந்தர வைப்பும் தொடர் வைப்பும்

என் சித்தி மாதம் 5,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதங்கள் ஒரு தவணைகூடத் தவறாமல் வங்கியில் ஆர்.டி. கட்டி வந்தார். வட்டி ஏழு சதவீதம் என்று கணக்குத் தொடங்கிய நாளிலேயே அவரிடம் சொல்லியிருந்தார்கள். முதிர்வு நாளில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 62,312 ரூபாய் வரவாகியிருந்தது. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். "அறுபதாயிரத்துக்கு ஏழு சதவீதம் என்றால் 4,200 ரூபாய் வரவேண்டும் அல்லவா? 2,312 ரூபாய்தானே வந்திருக்கிறது? பாதியை யார் எடுத்துக்கொண்டார்கள்?" என்று கேட்டார்.

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வங்கியின் கணக்கு சரியாகவே இருந்தது. ஆனால் சித்தியின் கேள்வியும் நியாயமானதுதான். அந்தக் கேள்விக்கான விடையைப் புரிந்துகொண்டால் நிரந்தர வைப்புக்கும் தொடர் வைப்புக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி விளங்கிவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நிரந்தர வைப்பு என்றும் எஃப்.டி. என்றும் நாம் சொல்வது, கையில் இருக்கும் ஒரு தொகையை ஒரே தடவையில் வங்கியிடம் ஒப்படைத்து, இத்தனை காலம் கழித்துத் திருப்பிக் கொடுங்கள் என்று செய்துகொள்ளும் ஏற்பாடு. காலம் ஏழு நாளாகவும் இருக்கலாம், பத்து ஆண்டுகளாகவும் இருக்கலாம். வைக்கும் நாளில் அந்தக் காலத்துக்கு வங்கி அறிவித்துள்ள வட்டி விகிதம் எதுவோ அதுவே முதிர்வு நாள் வரை மாறாமல் இருக்கும். பெயரில் 'நிரந்தரம்' இருந்தாலும் வைப்பு நிரந்தரமானதன்று. காலமும் விகிதமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடுகின்றன என்பதுதான் அதன் பொருள். குறித்த கால வைப்பு என்று சில வங்கிகள் அச்சிடுவது இன்னும் பொருத்தமான பெயர்.

தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டிக்கொண்டே போய்க் கடைசியில் மொத்தமாகப் பெறும் ஏற்பாடு. வங்கிகளில் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் பத்து ஆண்டுகள் வரை காலத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அஞ்சலகத்தில் ஐந்து ஆண்டு ஆர்.டி. ஒன்றுதான் உண்டு. இதிலும் வட்டி விகிதம் தொடங்கும் நாளிலேயே குறிக்கப்பட்டுவிடும். ஒரே வங்கியில் ஒரே காலத்துக்கு எஃப்.டி.க்கும் ஆர்.டி.க்கும் பெரும்பாலும் ஒரே விகிதம்தான் தருகிறார்கள். மூத்த குடிமக்களுக்குப் பல வங்கிகள் கூடுதலாகத் தரும் அரை சதவீதமும் பொதுவாக இரண்டுக்கும் பொருந்தும்.

விகிதம் ஒன்றாக இருக்கும்போது வட்டித் தொகை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது?

சித்தியின் பணம் வங்கியில் எத்தனை நாள் இருந்தது என்று பாருங்கள். அவர் கட்டிய முதல் ஐயாயிரம் பன்னிரண்டு மாதங்கள் இருந்தது. இரண்டாவது ஐயாயிரம் பதினொரு மாதங்கள் இருந்தது. இப்படியே குறைந்துகொண்டு போய், கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருந்தது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று ஒன்று வரை கூட்டினால் 78 வருகிறது. அதாவது ஓர் ஐயாயிரம் ரூபாய் 78 மாதங்கள் இருந்தால் எவ்வளவு வட்டி கிடைக்குமோ ஏறத்தாழ அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. ஓர் ஐயாயிரத்துக்கு ஏழு சதவீதத்தில் ஒரு மாத வட்டி 29 ரூபாய் 17 காசு. அதை 78 ஆல் பெருக்கினால் 2,275 ரூபாய். வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பதால் வட்டிக்கும் சிறிது வட்டி சேர்ந்து அது 2,312 ஆனது. கணக்கிடும் முறையில் வங்கிக்கு வங்கி உள்ள சிறு வேறுபாட்டால் சில ரூபாய்கள் முன்பின் ஆகலாம்.

இதே அறுபதாயிரம் முதல் நாளிலேயே முழுதாகக் கையில் இருந்து, அதை ஏழு சதவீதத்தில் ஓராண்டு எஃப்.டி.யாக வைத்திருந்தால், பன்னிரண்டு ஐயாயிரங்களும் ஆளுக்குப் பன்னிரண்டு மாதம், ஆக 144 மாதங்கள் உழைத்திருக்கும். காலாண்டுக் கூட்டு வட்டியில் முதிர்வுத் தொகை 64,312 ரூபாய் ஆகியிருக்கும்; வட்டி மட்டும் 4,312. சித்தி எதிர்பார்த்த 4,200 ரூபாய்க்கும் சற்று அதிகம்.

ஆகவே தொடர் வைப்பில் வட்டி குறைவு என்று சிலர் சொல்வது தவறான புரிதல். பணம் வங்கியில் இருந்த காலம்தான் குறைவு. இதற்கு ஆறுதலான ஒரு மறுபக்கமும் உண்டு. எந்தக் காலத்துக்குப் பணம் வங்கியில் இல்லையோ அந்தக் காலத்தில் அது சித்தியிடமும் இல்லை. அடுத்த மாத வருமானமாக இனிமேல்தான் வரவேண்டியிருந்தது. அவருக்கு ஆர்.டி.யா எஃப்.டி.யா என்ற கேள்வியே தொடக்கத்தில் எழவில்லை. மாதம் ஐயாயிரம் மிச்சம் பிடிப்பவரால் அறுபதாயிரத்தை முதல் நாளில் கொண்டுவந்து வைக்க முடியாது.

மொத்தமாக இருப்பதைத் தவணையாகக் கட்டுவது

தேர்வு என்பது உண்மையில் எழுவது, மொத்தத் தொகை ஒன்று கைக்கு வந்தவருக்குத்தான். தீபாவளி போனஸ், அறுவடைப் பணம், முதிர்ந்த காப்பீட்டுத் தொகை, எடுத்த சீட்டுப் பணம் என்று ஏதோ ஒன்று வந்து சேர்கிறது. அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்து மாதம் ஐயாயிரம் ஆர்.டி.க்குத் தானாகப் பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடுபவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறுகச் சிறுகக் கட்டுவது பாதுகாப்பானது என்ற எண்ணம்தான் காரணம். இங்கே அந்த எண்ணத்துக்கு அடிப்படை இல்லை. சேமிப்புக் கணக்கும் ஆர்.டி.யும் எஃப்.டி.யும் ஒரே வங்கியில்தான் இருக்கின்றன. வங்கிக்கு ஏதேனும் ஆனால் மூன்றுக்கும் ஒரே நிலைதான்.

இழப்பு எவ்வளவு என்று பார்ப்போம். சேமிப்புக் கணக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம். அறுபதாயிரத்தில் முதல் ஐயாயிரம் உடனே ஆர்.டி.க்குப் போய்விடுகிறது. மீதமுள்ள பதினொரு ஐயாயிரங்கள் தத்தம் முறை வரும்வரை சேமிப்புக் கணக்கில் காத்திருக்கின்றன. அவை காத்திருக்கும் மாதங்களைக் கூட்டினால் 66. அதற்குரிய வட்டி ஏறத்தாழ 688 ரூபாய். ஆர்.டி. தரும் 2,312 ரூபாயையும் சேர்த்தால் 3,000. முதல் நாளே எஃப்.டி.யில் வைத்திருந்தால் 4,312. ஆக, எந்தக் கூடுதல் பாதுகாப்பும் பெறாமல் 1,312 ரூபாயை விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

இதற்கு விதிவிலக்காக ஒரு நிலையை மட்டும் நான் ஏற்றுக்கொள்வேன். அந்தப் பணம் அடுத்த சில மாதங்களில் செலவுக்கு வேண்டியிருக்கலாம் என்ற ஐயம் உறுதியாக இருந்தால், அதைச் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருப்பதில் தவறில்லை. ஆனால் அப்போதும் ஆர்.டி.க்கு வேலையில்லை.

விகிதம் பூட்டப்படும் நாள்

தொடர் வைப்பில் பலர் கவனிக்காத ஒரு நல்ல இயல்பு உண்டு. தொடங்கும் நாளின் விகிதம், இன்னும் கட்டாத தவணைகளுக்கும் சேர்த்தே உறுதியாகிவிடுகிறது. அதாவது இன்று நம்மிடம் இல்லாத, அடுத்த ஆண்டு சம்பாதிக்கப்போகிற பணத்துக்கும் இன்றைய விகிதத்தைப் பெற்றுக்கொள்கிறோம்.

2025ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்த ஆண்டு தொடங்கியபோது, வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ விகிதம் 6.5 சதவீதமாக இருந்தது. பிப்ரவரியில் தொடங்கிய குறைப்புகள் டிசம்பரில் அதை 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தன. வங்கிகளும் தங்கள் வைப்பு விகிதங்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தன. அந்த ஜனவரியில் இரண்டாண்டு ஆர்.டி. தொடங்கியவருக்கு டிசம்பரில் கட்டிய தவணைக்கும் ஜனவரி மாத விகிதமே கிடைத்தது. அதே மாதத்திலிருந்து, மிச்சமான பணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய எஃப்.டி.யாகப் போட்டு வந்தவருக்கு ஒவ்வொரு புதிய வைப்பும் அன்றன்றைய விகிதத்தில்தான் அமைந்தது.

விகிதங்கள் ஏறும் காலத்தில் இது தலைகீழாகும். ஆர்.டி. கட்டுபவர் பழைய குறைந்த விகிதத்திலேயே நிற்பார். விகிதம் ஏறுமா இறங்குமா என்று ஊகிப்பது எச்சரிக்கையான சேமிப்பாளரின் வேலையன்று. அதனால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆர்.டி.யை ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக் கட்டுவதைவிட ஓராண்டு, இரண்டாண்டு என்று வைத்துக்கொண்டால், ஏறினாலும் இறங்கினாலும் ஒரே விகிதத்தில் நெடுங்காலம் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள்.

பாதியில் எடுக்க நேர்ந்தால்

வைப்பில் வைத்த பணத்துக்கு வட்டி கிடைக்காமல் போனவர்கள் அரிது. அவசரத்துக்கு அதை முறித்ததால் வட்டியில் ஒரு பகுதியை இழந்தவர்கள்தான் அதிகம். எனவே இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது நல்லது.

எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் முறித்தால், ஒப்புக்கொண்ட விகிதம் கிடைக்காது. பணம் உண்மையில் எவ்வளவு காலம் இருந்ததோ அந்தக் காலத்துக்கு, வைப்புத் தொடங்கிய நாளில் என்ன விகிதம் இருந்ததோ அதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்தும் அபராதமாக அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கழிப்பார்கள். ஒருவர் இரண்டு லட்சம் ரூபாயை மூன்றாண்டுக்கு ஏழு சதவீதத்தில் வைக்கிறார் என்று கொள்வோம். ஓராண்டு முடிந்த வாரத்தில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 40,000 ரூபாய் தேவைப்படுகிறது. அவர் வைப்புத் தொடங்கிய நாளில் ஓராண்டு விகிதம் 6.6 சதவீதம், அபராதம் ஒரு சதவீதம் என்றால், அவருக்குக் கிடைப்பது 5.6 சதவீதம். இரண்டு லட்சத்துக்கும் ஏழு சதவீதத்தில் அந்த ஓராண்டில் 14,372 ரூபாய் சேர்ந்திருக்க வேண்டும். இப்போது 11,437 ரூபாய்தான் கிடைக்கும். நாற்பதாயிரத்துக்காக, தேவைப்படாத ஒரு லட்சத்து அறுபதாயிரத்தின் வட்டியும் குறைந்துவிட்டது. மொத்த இழப்பு ஏறத்தாழ 2,935 ரூபாய்.

இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி உண்டு. அந்த இரண்டு லட்சத்தை ஒரே ரசீதாக வைக்காமல், நாற்பதாயிரம் வீதம் ஐந்து தனி எஃப்.டி.களாக வைத்திருந்தால் போதும். கூடுதல் செலவும் இல்லை, விகிதமும் குறையாது. ஒன்றை மட்டும் முறித்தால் இழப்பு 587 ரூபாயோடு நின்றுவிடும். மற்ற நான்கும் ஏழு சதவீதத்திலேயே தொடரும். எஃப்.டி. வைக்கப்போகும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஏற்கெனவே ஒரே ரசீதாக வைத்துவிட்டவருக்கு இன்னொரு வழி, முறிக்காமல் அதன்மேல் கடன் வாங்குவது. பெரும்பாலான வங்கிகள் வைப்புத் தொகையில் 90 சதவீதம் வரை தருகின்றன; வட்டி வைப்பின் விகிதத்தைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதல். மேலே சொன்னவர் எட்டு சதவீதத்தில் நாற்பதாயிரத்தை வாங்கி மூன்று மாதத்தில் அடைத்துவிட்டால் கட்டவேண்டிய வட்டி 800 ரூபாய். அதுவரை அவருடைய இரண்டு லட்சமும் ஏழு சதவீதம் ஈட்டிக்கொண்டே இருக்கும். விரைவில் அடைக்க முடியும் என்றால் கடன்; அடைக்க வழி தெரியவில்லை என்றால் முறிப்பதே மேல்.

தொடர் வைப்பில் சிக்கல் வேறு விதமாக வரும். அங்கே முதலில் நேர்வது, தவணை தவறுவது. அஞ்சலக ஆர்.டி.யில் தவறிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் மாதம் ஒரு ரூபாய் அபராதம். கேட்க மிகச் சிறிதாகத் தோன்றும் இந்தத் தொகையை வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5,000 ரூபாய்த் தவணை ஒரு மாதம் தாமதமானால் அபராதம் 50 ரூபாய். அந்த ஐயாயிரம் ஒரு மாதத்தில் ஈட்டும் வட்டியோ 28 ரூபாய் அளவுதான். ஆக, ஒரு மாதத் தாமதம் ஏறக்குறைய இரண்டு மாத வட்டியைக் கொண்டுபோய்விடுகிறது. நான்கு தவணைகள் தவறிவிட்டால் கணக்கே நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. வங்கிகளின் விதிகள் இதிலிருந்து மாறுபடும் என்பதால், தொடங்கும்போதே அபராதம் எவ்வளவு, எத்தனை தவணை தவறினால் கணக்கு மூடப்படும் என்ற இரண்டையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அஞ்சலக ஆர்.டி.யில் இன்னொரு விதியும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாண்டுகள் முடியும்முன் அதை மூட முடியாது. அதற்குப் பிறகு மூடினாலும், ஐந்தாண்டு நிறைவடைய ஒரு நாளே மீதமிருந்தால்கூட, அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கான விகிதமே முழுக் காலத்துக்கும் கணக்கிடப்படும். அந்த விகிதம் பல ஆண்டுகளாக நான்கு சதவீதமாக இருந்து வருகிறது. ஆர்.டி.யின் விகிதம் 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக்கப்பட்டது. அந்த விகிதத்தில் மாதம் ஐயாயிரம் வீதம் ஐந்தாண்டு கட்டினால், மூன்று லட்சத்துக்கு ஏறத்தாழ 56,800 ரூபாய் வட்டி சேரும். நான்கு சதவீதத்துக்கு இறங்கினால் அதில் இருபதாயிரத்துக்கும் மேல் போய்விடும். ஓராண்டு கட்டிய பிறகு, அதுவரை சேர்ந்ததில் பாதி வரை கடனாகப் பெறலாம் என்ற வசதி இருப்பதால், அவசரத்துக்கு மூடுவதற்கு முன் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஆகவே ஆர்.டி.யின் மாதத் தொகையை, நல்ல மாதத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் எவ்வளவு மிச்சமாகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். எட்டாயிரம் கட்ட முடியும் என்று தோன்றினால் ஐயாயிரத்துக்கு ஒன்றும் மூவாயிரத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஆர்.டி. தொடங்கலாம். இயலாத காலத்தில் சிறியதை மட்டும் முடித்துக்கொள்ள அது இடம்கொடுக்கும்.

எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது

பாதுகாப்பைப் பொறுத்தவரை எஃப்.டி.க்கும் ஆர்.டி.க்கும் வேறுபாடே இல்லை. எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வங்கி வைப்புகளுக்கு வைப்புக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் அளிக்கும் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி முதல் அதன் வரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய். இந்த ஐந்து லட்சத்தில் அசல், வட்டி இரண்டும் அடக்கம். ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்புக் கணக்கு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாவற்றையும் கூட்டித்தான் வரம்பு பார்க்கப்படும். ஆகவே கிளை மாற்றி வைப்பதால் பயனில்லை. வங்கியை மாற்றி வைக்க வேண்டும். சரியாக ஐந்து லட்சத்தை வைத்தால் வட்டி வரம்புக்கு வெளியே போய்விடும். ஏழு சதவீதத்தில் ஓராண்டுக்கு 4,60,000 ரூபாய் வைத்தால், முதிர்வில் 4,93,055 ரூபாயாகி வரம்புக்குள் நிற்கும்.

நம் ஊரில் நடந்ததையே சொல்லலாம். கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கியின்மீது 2020 நவம்பர் 17 அன்று தடை விதிக்கப்பட்டது. திருமணம், மருத்துவம் போன்ற தேவைகளுக்குச் சிறப்பு அனுமதி பெற்றாலொழிய, கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. பத்து நாளில் அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டு, வைப்பாளர்கள் யாருடைய பணமும் போகாமல் காக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பத்து நாளில் அவசரமாகப் பெரிய தொகை வேண்டியிருந்தவர்களின் நிலையை நினைத்தால், எல்லாவற்றையும் ஒரே வங்கியில் வைக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. வங்கி முழுகாவிட்டாலும் பணம் சில நாள் கைக்கு எட்டாமல் போகலாம்.

காப்பீடு எதற்கு இல்லை என்பதும் முக்கியம். வங்கியல்லாத நிதி நிறுவனங்களும் தனியார் கம்பெனிகளும் வாங்கும் வைப்புகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அவையும் எஃப்.டி. என்றே விளம்பரம் செய்கின்றன. ஒன்றோ இரண்டோ சதவீதம் கூடுதலாகவும் தருகின்றன. கூட்டுறவு வங்கிகள் காப்பீட்டுக்குள் வருகின்றன. ஆனால் கிராமங்களில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வரா. சங்கத்துக்கும் வங்கிக்கும் பெயரில் உள்ள ஒற்றுமையால் இந்த இடத்தில் குழம்புவோர் மிகுதி. அஞ்சலக வைப்புகளுக்கு மத்திய அரசே பொறுப்பு என்பதால் அங்கே ஐந்து லட்ச வரம்பு என்ற கேள்வி எழாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வைப்புகளின் வட்டியும் வருமானமாகவே கருதப்படும். 2025 ஏப்ரல் முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் சேரும் வைப்பு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், பத்து சதவீத வரியை வங்கி பிடித்துக்கொள்ளும். பான் எண் தராதவருக்கு இருபது சதவீதம். ஆர்.டி. வட்டிக்கு இந்தப் பிடித்தம் இல்லை என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. 2015 ஜூன் முதலே அதற்கும் உண்டு. சித்தியின் 2,312 ரூபாய் வரம்புக்கு வெகு கீழே இருந்ததால் அவருக்கு எதுவும் பிடிக்கவில்லை.

எஃப்.டி. தொடங்கும் படிவத்தில் வட்டியை எப்படிப் பெற விரும்புகிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். கடைசியில் மொத்தமாக வேண்டுமென்றால் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும். ஓய்வு பெற்றவர்கள் மாதாமாதம் கேட்பதுண்டு. அப்போது கூட்டு வட்டியின் பயன் இல்லை என்பதோடு, மாத வட்டி இன்னும் சற்றுக் குறைத்தும் தரப்படும். ஐந்து லட்சத்துக்கு ஏழு சதவீதத்தில் காலாண்டுக்கு 8,750 ரூபாய் என்றால், மாதாமாதம் கேட்பவருக்கு 2,916 ரூபாய்க்குப் பதில் ஏறத்தாழ 2,900 ரூபாய்தான் வரும். காலாண்டு முடியும்முன்பே முன்பணமாகத் தருவதற்கான கழிவு அது. ஆர்.டி.யில் இந்தத் தேர்வு இல்லை. அதன் நோக்கமே சேர்த்துப் பெறுவதுதான்.

அதே படிவத்தில் உள்ள இன்னொரு கட்டத்தைப் பெரும்பாலோர் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். முதிர்ந்த பிறகு என்ன செய்யவேண்டும் என்பதைக் கேட்கும் கட்டம் அது. தானாகப் புதுப்பிக்கவும் என்று குறித்திருந்தால், முதிர்வு நாளின் புதிய விகிதத்தில் அதே காலத்துக்கு வைப்பு மீண்டும் தொடங்கிவிடும். பணம் தேவைப்பட்டு மறுமாதம் போனால் அபராதத்தோடுதான் எடுக்க நேரும். புதுப்பிக்க வேண்டாம் என்று குறித்து, வரவு வைக்கக் கணக்கு எண்ணும் தராமல் விட்டுவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு உத்தரவுப்படி, முதிர்வுக்குப் பிந்தைய நாட்களுக்குச் சேமிப்புக் கணக்கு விகிதம், பழைய வைப்பு விகிதம் இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். முதிர்ந்த தொகையைச் சேமிப்புக் கணக்கில் சேர்க்கவும் என்று எழுதிக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பணம் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வரும். அன்றைய விகிதத்தைப் பார்த்து நாமே முடிவு செய்யலாம்.

சித்திக்கு அப்படித்தான் நடந்தது. 62,312 ரூபாய் சேமிப்புக் கணக்கில் கிடந்ததால்தான் அவர் கணக்குப் பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தது. 78 மாதக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியபோது அவரே கூட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டார். "அப்படியானால் இப்போது இந்தப் பணம் மொத்தமாக இருக்கிறதே, இதை மறுபடி ஆர்.டி.யில் போடக் கூடாது, அப்படித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான். மறுநாளே அந்தத் தொகையில் இரண்டு முப்பதாயிரங்களை இரண்டு தனி எஃப்.டி.களாக ஓராண்டுக்கு வைத்தார். மீதி 2,312 ரூபாயைக் கைச்செலவுக்கு எடுத்துக்கொண்டார். மாத ஐயாயிரத்துக்குப் புதிய ஆர்.டி. ஒன்றையும் அதே நாளில் தொடங்கினார். இம்முறை தவணைத் தேதியை ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்கு மாற்றிக்கொண்டார்; அவர் வேலை பார்க்கும் இடத்தில் சம்பளம் ஐந்தாம் தேதிதான் வருகிறது. மூன்று படிவங்களிலும் நியமனதாரர் பெயரை நிரப்பி, ரசீதுகளில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே கிளையிலிருந்து வெளியே வந்தார்.